பதினைந்து லட்சத்தைப் பிரித்துப் பார்த்தால்

ஏப்ரல் பிறந்ததும் சென்னை ஐடி அலுவலகங்களில் சம்பளப் போர்ட்டலில் ஒரு ஜன்னல் திறக்கும். அதற்குப் பெயர் ஃப்ளெக்ஸி பெனிஃபிட் பிளான். சுருக்கமாக எஃப்பிபி. உங்கள் சிடிசியில் ஒரு பகுதியை எந்தெந்தத் தலைப்பில் வாங்கிக்கொள்வது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மீல் கார்டு, எல்டிஏ, போன் பில், புத்தகங்கள், பெட்ரோல், டிரைவர் சம்பளம், கார் லீஸ், என்பிஎஸ் என்று பட்டியல் நீளும். இரண்டு மூன்று வாரங்களில் ஜன்னல் மூடிவிடும். சம்பளப் பட்டியல் போடும் வேலையில் நான் இருப்பதால், அந்த வாரங்களில் என் மேசைக்கு வரும் கேள்விகளை ஒட்டி எழுதிய குறிப்புகள் இவை. கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி போட்டவை. 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறும். அடுத்த ஆண்டுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் எண்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

*

முதலில் வரும் கேள்வி அநேகமாக இதுதான்: "அக்கா, மீல் கார்டு எடுத்தா டாக்ஸ் குறையும்தானே?"

பழைய வரி முறையில் குறையும். ஒரு வேளைக்கு 50 ரூபாய், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மாதம் 22 வேலை நாள் என்று வைத்தால் மாதம் 2,200 ரூபாய், ஆண்டுக்கு 26,400. அந்தத் தொகைக்கு வரி இல்லை. புதிய முறையில் இந்த விலக்கு கிடையாது. கார்டில் பணம் ஏறும், அதற்கு வரியும் ஏறும். கார்டு செல்லாத கடையில் சாப்பிட முடியாத தொந்தரவுதான் மிச்சம்.

2023-24 முதல் புதிய முறைதான் இயல்பாக எல்லோருக்கும் பொருந்தும். பழையது வேண்டும் என்று நீங்கள் நிறுவனத்திடம் சொல்லாவிட்டால் டிடிஎஸ் புதிய முறைப்படிதான் பிடிக்கப்படும். ஆனால் எஃப்பிபி பட்டியல்கள் பெரும்பாலும் பழைய முறைக்காகத் தீட்டப்பட்டவை. எல்டிஏ, ஹெச்ஆர்ஏ, மீல் கார்டு, மூன்றுக்கும் புதிய முறையில் விலக்கு இல்லை. போர்ட்டலில் இன்னும் அவை வரிசையாக நிற்கின்றன, டிக் அடிக்கவும் முடிகிறது. எது உங்கள் வரி முறைக்குப் பலன் தரும் என்று பல போர்ட்டல்கள் சொல்வதில்லை. இருபத்தைந்து வயதில் முதல் வேலைக்கு வந்தவர் இதை எப்படி ஊகிப்பார்? பக்கத்து சீட்டுக்காரர் செய்ததையே தானும் செய்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு பழைய முறையில் இருப்பவராக இருக்கலாம்.

*

புதிய முறையில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பட்டியலில் கவனிக்கத் தக்க தலைப்பு ஒன்றுதான்: நிறுவனம் உங்கள் பெயரில் கட்டும் என்பிஎஸ் தொகை. 80சிசிடி(2) என்ற உட்பிரிவு. பேசிக் சம்பளமும் டிஏவும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். தனியார் ஊழியர்களுக்கு இது முன்பு 10 சதவீதமாக இருந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில், புதிய முறைக்கு மட்டும் 14 ஆக்கினார்கள். பழைய முறையில் இன்னும் 10தான்.

"நிறுவனம் கட்டுகிறது" என்ற சொல்லைக் கேட்டு, நிறுவனம் தன் கையிலிருந்து கூடுதலாகத் தருகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தனியார் துறையில் அநேகமாக அப்படி இல்லை. உங்கள் சிடிசி அதேதான். ஸ்பெஷல் அலவன்ஸ் என்ற தலைப்பில் உங்கள் கைக்கு வந்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை, நிறுவனத்தின் பங்களிப்பு என்று பெயர் மாற்றி என்பிஎஸ் கணக்குக்கு அனுப்புகிறார்கள். விட்டுக்கொடுத்தவர் நீங்கள். அதனால்தான் வெளிநாடுகளில் இதைச் சம்பளத் தியாகம் என்றே சொல்கிறார்கள்.

*

ஒரு கணக்கு. என்னிடம் வந்த பல பேரின் எண்களைக் கலந்து, ஒருவரையும் அடையாளம் காட்டாமல் ஒரு மாதிரி ஆளை வைத்துப் போடுகிறேன்.

சிடிசி 15,00,000. பெருங்குடியில் அலுவலகம், மடிப்பாக்கத்தில் மாதம் 25,000 வாடகை. பேசிக் சிடிசியில் பாதி, அதாவது 7,50,000. நிறுவனத்தின் பிஎஃப் பங்கு பேசிக்கில் 12 சதவீதம், 90,000. கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், 36,075. இந்த இரண்டையும் கழித்தால் மொத்தச் சம்பளம் 13,73,925. அதில் நிலையான கழிவு 75,000 போனால் வரிக்கு உட்படும் வருமானம் 12,98,925.

புதிய முறையில் வரி: முதல் 4 லட்சத்துக்கு இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம். ஆக 12 லட்சம் வரை 60,000. மீதி 98,925க்கு 15 சதவீதம். 4 சதவீத செஸ் சேர்த்தால் சுமார் 77,830 ரூபாய்.

இப்போது அதே ஆள் என்பிஎஸ் தலைப்பில் முழு 14 சதவீதத்தைத் தேர்ந்தெடுக்கிறார். 7,50,000இல் 14 சதவீதம் 1,05,000. வரிக்கு உட்படும் வருமானம் 11,93,925 ஆகிறது. 12 லட்சத்துக்குள் வந்துவிட்டால் 87ஏ தள்ளுபடி முழுதாகக் கிடைக்கும். வரி பூஜ்யம்.

கைக்கு வருவதைப் பாருங்கள். என்பிஎஸ் எடுக்காமல் இருந்தால், தன் பங்கு பிஎஃப் 90,000, தொழில்வரி 2,500, வரி 77,830 எல்லாம் போக மாதம் சுமார் 1,00,300 ரூபாய். என்பிஎஸ் எடுத்தால் மாதம் சுமார் 98,035. கையில் குறைவது மாதம் 2,265 ரூபாய்க்குள். கணக்கில் சேர்வது மாதம் 8,750.

நான் வேலையில் பார்த்த சம்பளக் கணக்குகளில், ஒரே ஒரு டிக்குக்கு இவ்வளவு வித்தியாசம் வரும் இடம் வேறு இல்லை. இதை எடுத்துச் சொல்ல யாரும் இல்லாததால் ஆண்டுக்கு எழுபத்தேழாயிரம் ரூபாய் வரி கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனது ஆறுவதில்லை.

*

"பழைய முறையில் போயிருந்தால்?" என்று கேட்பவர்களுக்காக அதே ஆளை அங்கேயும் நிறுத்திப் பார்த்தேன். கிடைக்கும் எல்லாக் கழிவும் அவருக்கு முழுதாகக் கிடைக்கிறது என்றே வைத்தேன். ஆண்டு வாடகை 3,00,000இல் பேசிக்கின் பத்து சதவீதம் 75,000 போக ஹெச்ஆர்ஏ விலக்கு 2,25,000. நிலையான கழிவு 50,000. தொழில்வரி 2,500. பிஎஃப், காப்பீடு எல்லாம் சேர்ந்து 80சி 1,50,000. தானாகக் கட்டும் என்பிஎஸ் 50,000. மருத்துவக் காப்பீடு 25,000. நிறுவனம் வழியாகப் போகும் என்பிஎஸ் பத்து சதவீதம், 75,000. மீல் கார்டு 26,400. எல்லாம் சேர்ந்து 6,03,900.

வரிக்கு உட்படும் வருமானம் 7,70,025க்கு இறங்குகிறது. ஆனாலும் வரி செஸ்ஸுடன் சுமார் 69,170 ரூபாய். வீட்டுக்காரரிடம் ரசீது வாங்கி, ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் அவருடைய பான் எண்ணையும் கேட்டு வாங்கி, காப்பீட்டுச் சான்று தேடி, கையிலிருந்து தனியாக என்பிஎஸ்ஸும் கட்டிய பிறகு வரும் தொகை இது. புதிய முறையில் என்பிஎஸ் என்ற ஒரே ஒரு தலைப்பு வரியைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. இந்தச் சம்பளத்துக்கு, இந்தக் கழிவுகளுக்குத்தான் இந்த விடை. வாடகை மாதம் 50,000 என்றாலோ பெரிய வீட்டுக் கடன் வட்டி இருந்தாலோ கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

*

பேசிக் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும்.

அதே 15 லட்சம். ஆனால் பேசிக் 40 சதவீதம், 6,00,000. பிஎஃப் 72,000, கிராஜுவிட்டி 28,860. மொத்தச் சம்பளம் 13,99,140. நிலையான கழிவு போனால் 13,24,140. இங்கே 14 சதவீதம் என்றால் 84,000தான். கழித்தால் 12,40,140. பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டி நிற்கிறார். பின்னால் சொல்லும் விளிம்புச் சலுகையோடு வரி சுமார் 41,750.

ஒரே சிடிசி, ஒரே என்பிஎஸ் தேர்வு. ஒருவருக்கு வரி இல்லை, இன்னொருவருக்கு நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். வித்தியாசம் ஆஃபர் லெட்டரில் பேசிக் என்று எழுதியிருக்கும் எண்ணில் இருக்கிறது. அதை ஏப்ரல் ஜன்னலில் மாற்ற முடியாது. எஃப்பிபி தலைப்புகள் தேர்வுக்கு உட்பட்டவை, பேசிக் நிறுவனம் வகுத்தபடி. வேலைக்குச் சேரும்போது பேச வேண்டிய விஷயம் இது. சிடிசி எவ்வளவு என்று பேரம் பேசுகிறவர்கள், பேசிக் எத்தனை சதவீதம் என்று கேட்பதே இல்லை.

பேசிக் கூடினால் கையில் வருவது குறையும் என்ற பயம் உண்டு. உண்மைதான், பிஎஃப் இரண்டு பக்கமும் கூடுகிறது. மேலே சொன்ன இரண்டு பேரையும் ஒப்பிட்டால், இருவரும் என்பிஎஸ் எடுத்த நிலையில், 50 சதவீதக்காரருக்கு ஆண்டுக்குக் கையில் 22,465 ரூபாய் குறைவு. ஆனால் அவருடைய பிஎஃப், என்பிஎஸ், கிராஜுவிட்டி மூன்றிலும் சேர்ந்து 64,215 ரூபாய் கூடுதலாக நிற்கிறது. இரண்டையும் கழித்தால் வருவது அதே 41,750. அது வரியாகப் போகாமல் அவருடைய சேமிப்பிலேயே தங்கியிருக்கிறது.

கிராஜுவிட்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை இங்கேயே. சிடிசியில் அது எழுதப்பட்டிருந்தாலும், நிரந்தர ஊழியர் ஐந்தாண்டு முடிக்காமல் போனால் பொதுவாகக் கைக்கு வராது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வேலை மாறுகிறவர் மேலே உள்ள 64,215இலிருந்து 7,215ஐக் கழித்துவிட்டு யோசிக்கட்டும்.

*

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஊதியம் என்பதன் வரையறை அவற்றில் மாறியிருக்கிறது. விலக்கப்பட்ட அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்க்கப்படும். பேசிக்கை 30, 35 சதவீதம் என்று வைத்திருந்த நிறுவனங்கள் பலவும் இப்போது சம்பளக் கட்டமைப்பைத் திருத்துகின்றன.

இதிலே ஒரு நுணுக்கம். கிராஜுவிட்டிக்காகச் சட்டம் ஊதியம் என்று எதைக் கணக்கிடுகிறதோ அதுவே என்பிஎஸ் கழிவுக்கான சம்பளம் ஆகிவிடாது. வருமான வரிச் சட்டம் அங்கே பேசிக்கையும், பணி நிபந்தனைப்படி சேரும் டிஏவையும் மட்டும்தான் பார்க்கிறது, மற்ற அலவன்ஸ்களை விலக்குகிறது. ஆகவே நிறுவனம் பேசிக்கையே உயர்த்தி எழுதினால்தான் உங்கள் 14 சதவீத வரம்பு உயரும். திருத்திய சம்பளக் கடிதம் வந்தால் முதலில் பேசிக் எண்ணைப் பாருங்கள்.

*

12 லட்சத்தின் விளிம்பில் நிற்கிறவர்களுக்கு.

நம் மாதிரி ஆளின் வருமானம் 11,93,925. இன்னும் 6,075 ரூபாய்தான் இடம் இருக்கிறது. வங்கியில் ஒரு லட்சம் வைப்பு நிதி இருந்து 7,000 ரூபாய் வட்டி வந்தாலே எல்லையைத் தாண்டிவிடும். தாண்டினால் 60,000 ரூபாய் வரி தலையில் விழுமா என்று பதறுகிறார்கள். விழாது. தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகாதபடி ஒரு சலுகை உண்டு. 925 ரூபாய் தாண்டினால் வரி 925, அதோடு செஸ். அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சலுகைக்குள் இருக்கும்வரை, கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் முழுதாக வரிக்குப் போகிறது. செஸ்ஸையும் சேர்த்தால் ஒரு ரூபாய் வந்தால் ஒரு ரூபாய் நாலு காசு போகிறது. சுமார் 12,70,000 வரை இந்த நிலை. எதிர்த்திசையில் பார்த்தால், இந்தப் பட்டைக்குள் இருப்பவர் என்பிஎஸ்ஸில் போடும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் வரி 104 ரூபாய் குறைகிறது. கையில் வருவது குறையாமலே சேமிப்பு கூடும் அபூர்வமான இடம் இது. ஆண்டு போனஸ் மார்ச்சில் வருகிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் ஏப்ரலில் கணக்குப் போட வேண்டும். போனஸை மறந்துவிட்டுப் போட்ட கணக்கு மார்ச்சில் கலைந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பக்கம். மொத்தச் சம்பளம் 12,75,000க்குள் இருப்பவர்களுக்குச் சம்பளத்தில் வரியே இல்லை. அவர்கள் வரிக்காக என்பிஎஸ் எடுப்பதில் ஒரு பைசா லாபமில்லை. ஓய்வுக் காலத்துக்குச் சேர்க்க விருப்பம் இருந்தால் எடுக்கலாம், அது வேறு முடிவு. நண்பர் எடுத்தார் என்று எடுத்துவிட்டு, அவசரத்துக்கு அந்தப் பணம் கிடைக்காமல் நிற்க வேண்டாம்.

*

கிடைக்காமல் என்று ஏன் சொல்கிறேன்.

என்பிஎஸ் முதல் அடுக்குக் கணக்கு ஓய்வுக்கானது. இடையில் மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, வீடு போன்ற காரணங்களுக்குப் பகுதிப் பணம் எடுக்க வழியுண்டு. ஆனால் எடுக்கக்கூடியது உங்கள் சொந்தப் பங்களிப்பில் 25 சதவீதம் வரைதான். நிறுவனத்தின் பங்களிப்பு அந்தக் கணக்கில் சேராது. சம்பளத்தைப் பிரித்து நீங்கள் அனுப்பிய பணம் சட்டத்தின் பார்வையில் நிறுவனத்தின் பங்களிப்பு. எனவே அதை மட்டும் பத்து ஆண்டு கட்டியவர், இடையில் எடுக்கப் போனால் எடுக்க ஒன்றும் இருக்காது. வரிக்கு உதவிய பெயர்தான் இங்கே கையைக் கட்டுகிறது. இதை முன்னதாகச் சொல்லாமல் ஒருவரிடமும் நான் அந்த டிக்கைப் போடச் சொல்வதில்லை.

ஓய்வின்போது எடுக்கும் விதி 2025 டிசம்பரில் தளர்ந்தது. அரசு சாராத சந்தாதாரர் கட்டாயமாக ஓய்வூதியத் திட்டம் வாங்க வேண்டிய பங்கு 40 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. முழுச் சேமிப்பும் கைக்கு வரும் என்று அதற்குப் பொருளல்ல. முன்கூட்டியே வெளியேறினால் நிலைமை தலைகீழ், 80 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும்.

ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இல்லாதவர், தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்துக்கொண்டிருப்பவர், அதிக வட்டிக் கடன் உள்ளவர் ஆகியோருக்கு முழு 14 சதவீதம் வேண்டாம். பல நிறுவனங்களில் சதவீதத்தைக் குறைத்தும் தேர்ந்தெடுக்கலாம்.

*

"அக்கா, ஜூலையில ரிட்டர்ன் போடும்போது என்பிஎஸ் கட்டிக் காட்டிக்கலாமா?"

முடியாது. எந்த வரி முறை என்பதை ரிட்டர்ன் போடும்போது மாற்றிக்கொள்ளலாம், சம்பளம் மட்டும் வாங்குகிறவருக்கு உரிய கெடுவுக்குள் அந்தச் சுதந்திரம் உண்டு. ஆனால் நிறுவனப் பங்களிப்பு நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். நீங்களாகக் கட்டும் என்பிஎஸ்ஸுக்குப் புதிய முறையில் கழிவே கிடையாது.

முன்கூட்டியே தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு இன்னும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. சம்பளத்துக்கு, வாங்கினாலும் வாங்காவிட்டாலும், உரியதான கணத்திலேயே வரி. மே மாதச் சம்பளம் உங்களுக்கு உரியதாகிவிட்ட பிறகு, அதில் ஒரு பங்கு வேண்டாம், வேறிடத்துக்கு அனுப்புங்கள் என்றால், அது சம்பாதித்த பணத்தைச் செலவழித்த கதைதான். வரி போகாது. இனி வரப்போகும் சம்பளத்தின் அமைப்பையே மாற்றினால்தான் செல்லும். போர்ட்டல் ஜன்னல் மூடுவதை ஹெச்ஆரின் பிடிவாதம் என்று நினைத்துக் கோபப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது என் வேலையில் பாதி.

ஆண்டின் நடுவில் சேர்ந்தவர்களுக்கு, சேர்ந்த சில வாரங்களுக்குள் தனி ஜன்னல் திறக்கும். சேர்ந்த புதிதில் அடையாள அட்டை, லேப்டாப், பயிற்சி என்று அலைவதில் அது நழுவிவிடும். ப்ரான் எண் முந்தைய நிறுவனத்தில் எடுத்ததே போதும், புதிதாக எடுக்கக்கூடாது. பழைய நிறுவனத்தில் வாங்கிய சம்பளத்தைப் புதிய இடத்தில் காட்டுவதும் அவசியம். இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பன்னிரண்டு லட்சத்துக்குள் என்று கணக்குப் போட்டு வரி பிடிக்காமல் விட்டால், ரிட்டர்னில் மொத்தமாகக் கட்ட வேண்டி வரும், வட்டியோடு.

*

பிரிட்டனை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்படும். அங்கே சம்பளத்தை விட்டுக்கொடுத்து ஓய்வூதியத்தில் போட்டால் ஊழியருக்கு மட்டுமல்ல, நிறுவனத்துக்கும் மிச்சம். தேசியக் காப்பீட்டுக்கு நிறுவனம் கட்டும் 15 சதவீதம் அந்தத் தொகைக்குக் கிடையாது. அதனால் நிறுவனங்களே முனைந்து ஊழியர்களைச் சேர்க்கின்றன. அரசுக்கு இழப்பு பெருகியதால், 2025 நவம்பர் பட்ஜெட்டில், 2029 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரைதான் இந்தச் சலுகை என்று அறிவித்துவிட்டார்கள்.

நம் ஊரில் என்பிஎஸ் எடுத்தால் நிறுவனத்துக்குத் தனியாக மிச்சம் எதுவுமில்லை. சம்பளமாகக் கொடுத்தாலும் அதற்குச் செலவுதான், பங்களிப்பாகக் கட்டினாலும் செலவுதான். முனைந்து சொல்ல அதற்கு உந்துதல் இல்லை. இங்கே ஏப்ரல் மின்னஞ்சலில் அது பதினோராவது வரியாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

*

கார் லீஸ். புதிய முறையிலும் பலன் தரும் இன்னொரு தலைப்பு. நிறுவனம் காரைக் குத்தகைக்கு எடுத்து உங்களுக்குக் கொடுக்கும், தவணை உங்கள் சம்பளத்திலிருந்து வரிக்கு முன்பே போகும். அலுவலக வேலைக்கும் சொந்த வேலைக்கும் கலந்து பயன்படுத்தினால், 1.6 லிட்டர் வரையிலான எஞ்சினுக்கு மாதம் 1,800 ரூபாய் மட்டும், டிரைவர் இருந்தால் இன்னொரு 900, உங்கள் வருமானத்தில் சேர்க்கப்படும். 30 சதவீத வரியில் இருப்பவர், எப்படியும் கார் வாங்கப் போகிறவர், அதே நிறுவனத்தில் குத்தகைக் காலம் முழுக்க இருக்கப் போகிறவர், இந்த மூன்றும் பொருந்தினால் நல்லது. மூன்றாவது பொருந்தாவிட்டால், வேலையை விடும்போது மீதித் தவணையும் முன்முடிப்புக் கட்டணமும் சேர்ந்து, அதுவரை மிச்சப்பட்ட வரியைத் தின்றுவிடும்.

*

பழைய முறையில் இருப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பெட்ரோல், புத்தகம், எல்டிஏ என்று தலைப்பு எடுத்துவிட்டு, ஜனவரியில் பில் கேட்கும்போது பெட்ரோல் பங்க்கில் கிடக்கும் அடுத்தவர் பில்லைப் பொறுக்கி வந்து கொடுக்காதீர்கள். தவறாகக் காட்டிய வருமானத்துக்கு, தப்பவிட்ட வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பில் இல்லாவிட்டால் அந்தத் தொகை மார்ச்சில் வரி பிடித்துச் சம்பளமாக வந்துவிடும், பணம் எங்கும் போகாது. எல்டிஏவுக்கு நான்கு ஆண்டுத் தொகுதிக்கு இரண்டு பயணம், இந்தியாவுக்குள், பயணச் சீட்டுக் கட்டணம் மட்டும். விடுதி, சாப்பாடு சேராது.

*

என்பிஎஸ் தேர்ந்தெடுத்தவர்கள் மே மாதம் சரிபார்க்க வேண்டியவை.

பேஸ்லிப்பில் ஸ்பெஷல் அலவன்ஸ் முன்பைவிடக் குறைந்திருக்க வேண்டும். குறையாமல், பிடித்தம் பக்கத்தில் என்பிஎஸ் என்று ஒரு தொகை மட்டும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அது உங்கள் சொந்தப் பங்களிப்பாகப் பதிவாகியிருக்கலாம். அப்படியானால் புதிய முறையில் ஒரு ரூபாய்கூடக் கழிவு இல்லை.

உறுதிப்படுத்த என்பிஎஸ் கணக்கின் பரிவர்த்தனை அறிக்கையை எடுங்கள். ஊழியர் பங்கு, நிறுவனப் பங்கு என்று இரண்டு பத்திகள் இருக்கும். பணம் நிறுவனப் பத்தியில் விழுந்திருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த மாதத்துக்கும் கணக்கில் ஏறிய தேதிக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் உடனே எழுத்தில் கேளுங்கள். கட்டாத தொகைக்குக் கழிவும் இல்லை, முதலீட்டு வளர்ச்சியும் இல்லை.

சம்பள உயர்வு வந்த மாதத்தில் இன்னொரு முறை பாருங்கள். சில போர்ட்டல்களில் 14 சதவீதம் என்று தேர்ந்தெடுத்தாலும் ஏப்ரல் பேசிக்கின்படி ரூபாய்த் தொகை உறைந்துவிடும். பேசிக் உயர்ந்தும் என்பிஎஸ் பழைய தொகையிலேயே நின்றால், மேலே சொன்ன 6,075 ரூபாய் இடைவெளி எளிதில் கரைந்துவிடும்.

ஃபார்ம் 16 வந்ததும், நிறுவனப் பங்களிப்பு முதலில் மொத்தச் சம்பளத்தில் சேர்க்கப்பட்டு, பிறகு 80சிசிடி(2) தலைப்பில் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே தொகை இருக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் இருந்தால், ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே சம்பளப் பிரிவுக்குத் திருப்பி அனுப்பித் திருத்தி வாங்குங்கள்.